சுவர்ப்பக்கம் திரும்பிய விரிசல்

மரகதம் டீச்சர், பானையை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழிபோட்ட குரங்கின் கதையைச் சொல்லி முடித்தார்.

"குரங்கு செய்தது சரியா?"

"தப்பு டீச்சர்!" வகுப்பே கத்தியது.

"என்னைக் கீழே போட்டவளும் சேர்ந்துதான் கத்துகிறாள்," என்றது அலமாரியிலிருந்த உலக உருண்டை. "விரிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்ததும் அவள்தான்."

"பொறு, அடுத்த கேள்வி வரட்டும்," என்றது பலகையில் முதல் கேள்வியை எழுதி முடித்த சாக்பீஸ்.

"சரி, குரங்கு ஏன் உண்மையைச் சொல்லவில்லை?"

பவளக்கொடி மெல்ல எழுந்தாள்.

"திட்டுவாங்கன்னு பயம் டீச்சர்." அலமாரிக்குப் போய் உருண்டையைத் திருப்பினாள். "இது நான்தான்."

டீச்சர் விரிசலைத் தடவினார். "எந்தக் கடல்ல விழுந்திருக்கு? எல்லாருக்கும் காட்டும்மா."

மூன்றாவது கேள்வியை எழுதச் சாக்பீஸ் காத்திருந்தது. அதற்கு வேலையே வரவில்லை. அதற்குள், தாங்களும் மறைத்ததைச் சொல்ல நாலு கைகள் உயர்ந்திருந்தன.