சபாநாயகரின் ஓட்டு

"12-8-1948. இன்று ஒரு சிறு தவறு. 'சபாநாயகர் அவர்களே' என்பதற்குப் பதில் 'சார்' என்று பேச்சைத் தொடங்கிவிட்டேன்."

இதை எழுதிக்கொண்டிருந்த வேதநாயகத்தின் அருகே தங்கை தேசம்மா வந்து உட்கார்ந்தாள். மயிலாப்பூர் மாலை வகுப்பின் மாதிரிச் சட்டசபையில், அரசுப் பள்ளிக் கட்டணத்தை உயர்த்தும் மசோதாவை எதிர்த்து அவன் அன்று பேசியிருந்தான்.

"இன்னாண்ணே, ஜெயிச்சியா?"

"மூணாவது வாசிப்புல, கடைசி ஓட்டெடுப்புல, ரெண்டு பக்கமும் சமம். வாத்தியார்தான் சபாநாயகர். சமமா வந்தா மட்டும் அவருக்கு ஓட்டு. இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும்னுதான் அவர் போடணும், அது மரபு. மசோதா தோத்துப்போச்சு!"

"நீ இன்னா பேசினே?"

"கட்டணம் ஏறினா, ரெண்டு பிள்ளைங்க படிக்கிற வீட்ல முதல்ல பொண்ணைத்தான் நிறுத்துவாங்கன்னேன். எல்லாரும் மேஜையைத் தட்டினாங்க."

தேசம்மாவும் சிரித்தபடி தரையைத் தட்டினாள். அவள் விரல்களில் மீன் செதில் காய்ந்திருந்தது.

"அப்போ நானும் இருக்கிறபடியே இருக்கணுமாண்ணே?"

அவனுடைய வகுப்புக் கட்டணத்துக்காகத்தான் ஜூன் மாதம் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

வேதநாயகம் மறுபடி பேனாவை எடுத்தான்.

"நாளைய வேலை: தேசம்மாவின் பள்ளிக்குப் போய், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும்."