எட்டு மாதக் காலி

"கையெழுத்தைப் போடுங்க! உங்க காசை முழுங்கினவங்களைச் சும்மா விடறதா?" ஓய்வூதிய அலுவலகக் கவுண்டரில் மனைவி கணவர் கையில் பேனாவைத் திணித்தாள்.

ஓய்வு பெற்ற கண்டக்டர் புகார் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்ஷன் சந்தாக் கணக்கில் எட்டு மாதம் காலி. அதனால் பத்து வருட சர்வீஸ் நிறையவில்லை. மாதாமாதம் பென்ஷன் கிடையாது.

"சம்பளத்துல பிடிச்சுட்டு கம்பெனி கட்டலைன்னா சம்பளச் சீட்டைக் காட்டுங்க, அவங்ககிட்ட வசூல் பண்ணிச் சேர்த்துடலாம். சம்பளமே இல்லாத மாசம்னா சந்தாவும் இல்ல, சர்வீஸும் இல்ல" என்றார் அதிகாரி.

"சம்பளம் இல்லாமலா? தினமும் காக்கிச் சட்டையை மாட்டிட்டுப் போனாரே சார்! மாசம் பொறந்தா பணம் என் கைக்கு வந்துச்சே!"

"கடன் வாங்கிக் கொடுத்தேன்." கண்டக்டர் பேனாவை மூடினார். "அப்ப சம்பளமில்லாம என்னை சஸ்பெண்ட் பண்ணியிருந்தாங்க. டிக்கெட் எடுக்காத ஒருத்தரை என் பஸ்ஸுல செக்கர் பிடிச்சார். காசு வாங்கிட்டு டிக்கெட் கொடுக்கலைன்னு பழியை நானே ஏத்துக்கிட்டேன்."

"எவனோ ஒரு திருட்டுப் பயலுக்காகவா நம்ம வயித்துல அடிச்சீங்க?"

"அப்படிச் சொல்லாதே" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "அது உங்கப்பா."