கையில் துடைப்பம்

வியர்வையும் நனைந்த தோல் கையுறைகளும் நாறும் உடைமாற்றும் அறையில், ஐஸ் ஹாக்கி அணியின் தலைவி பிரிட்டா, சக வீராங்கனை ஜோயலின் கைபேசியைப் பிடுங்குகிறாள். இணையத்தில் ஏற்றவிருக்கும் வெற்றிப் படத்தின் கீழே ஜோயல் எழுதி வைத்திருக்கிறாள்: "குப்பையைக் கூட்டித் தள்ளியாச்சு!"

"யாருடீ குப்பை? அவங்க கோல்கீப்பர் ஊனா நம்ம அடி நாப்பத்தி மூணைத் தடுத்திருக்கா. கூடுதல் நேரத்துல நமக்கு ஒரே ஒரு கோல். அதுவும் அவங்க ஆள் ஸ்கேட்டுல பட்டு உள்ள போனது."

"தொடர்ல மூணு ஆட்டமும் நாமதானே ஜெயிச்சோம்? கொஞ்சம் பீத்திக்கக் கூடாதா?"

"கைகுலுக்கற வரிசையில ஊனா அழுதுகிட்டே 'நல்லா ஆடுனீங்க'ன்னு சொன்னாளே, உன் காதுல விழலையா?"

பிரிட்டா அந்த வரியை அழிக்கிறாள். குளிரில் விறைத்த கட்டைவிரல் புதிதாகத் தட்டுகிறது: "கூடுதல் நேரத்தில் 1-0. நாற்பத்து மூன்று அடிகளைத் தடுத்த ஊனாவுக்கு எங்கள் மரியாதை. கடைசி நொடிவரை எங்களை ஓடவைத்த ஹெரன் பே அணிக்கு நன்றி." அந்த அணியின் கணக்கையும் இணைக்கிறாள்.

பதிவேற்றுமுன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். தொடரை முழுதாக வென்றவர்கள் எதிரணியைக் கூட்டித் தள்ளியதாகக் காட்டத் தூக்கிப் பிடிக்கும் துடைப்பம் படத்தின் நடுவில் இருக்கிறது. பிடித்திருப்பவள் அவளேதான், வாயெல்லாம் பல்லாக. பின்னால், மங்கலாக, கோலுக்கு முன் மண்டியிட்டபடி ஊனா.

முகம் காந்துகிறது.

"எல்லாரும் ஸ்கேட்டை மாட்டுங்கடி! படத்தை மறுபடி எடுக்கணும்."

"இப்பதாண்டீ கழட்டுனோம்!"

"மாட்டுங்கடின்னா!"

மூலையில் சாய்ந்திருக்கும் துடைப்பத்தை எடுத்து, முழங்காலில் வைத்து, இரண்டாக ஒடிக்கிறாள்.