காலி வராந்தா

பத்து நாளாகக் காலையில் எழும்போதே டாக்டருக்குக் கால் கடுத்தது. ஊரார் தூக்கத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற டாக்டர். காலைத் தேய்த்துக்கொண்டே அத்தையின் கடிதத்தைப் பிரித்தார்.

அத்தை ஓய்வுபெற்ற டீச்சர். தினமும் ஒரே கனவு, பள்ளிக்கூட வராந்தாவில் ஈ காக்கா இல்லை, பயந்து விழித்தால் மறுபடி தூக்கமே பிடிப்பதில்லை என்று போன மாதம் எழுதியிருந்தார்.

டாக்டரும் பதில் போட்டிருந்தார். "மாத்திரை வேண்டாம் அத்தை. கனவோட முடிவை உங்க இஷ்டப்படி மாத்தி எழுதுங்க. பகல்ல தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி, அந்தப் புது முடிவை மனசுல ஓட்டிப் பாருங்க. பழகப் பழக பழைய கனவு விட்டுப்போகும்."

இப்போது அத்தை எழுதியிருந்தார்:

"நீ சொன்னபடியே செஞ்சேன்டா. ஒரு வாரமா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறேன். வராந்தா இப்ப காலியா இல்ல. வீட்டுப்பாடம் எழுதலன்னு ஒருத்தனை விடிய விடிய வெளியே நிக்க வெச்சிருக்கேன். வேற யாரு ஞாபகத்துக்கு வருவா? நீதான்."

டாக்டர் காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அத்தை, எந்தப் பாடம்னு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கே எழுதிடறேன்."