பதினோராயிரம் இறங்கிய காலை

ஜீவனஹள்ளி வீட்டு ஜன்னல் வெயில் க்ளெனின் கைப்பேசித் திரையில் விழுகிறது. சிவப்பு எண்கள் மங்கித் தெரிகின்றன. முன்பேரச் சந்தையில் முன்பணம் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டி, ஏறும் என்று நூறு கிராம் தங்கத்தைப் பிடித்தவன், நேற்று சந்தை மூடும்போதும் விற்காமல் நிம்மதியாகத் தூங்கினான். இரவெல்லாம் வெளிநாட்டில் விலை சரிந்திருக்கிறது. காலை ஒன்பதுக்குச் சந்தை திறக்கும்போதே பத்து கிராமுக்குப் பதினோராயிரம் குறைவு. நஷ்டத்துக்கு ஈடாக மேற்கொண்டு கட்ட அவனிடம் பணமில்லை. தரகு நிறுவனமே விற்றுவிட்டது. மிச்சம் பத்தாயிரம். போனதில் ஐம்பதாயிரம், அக்கா டீனா தன் மகள் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கும் புது நன்மை நாளில் போடச் செயினுக்காகச் சேர்த்தது. "ஒரே வாரத்துல பெருக்கித் தரேன்" என்று அவன்தான் கேட்டு வாங்கினான்.

டீனா புதுச் செருப்போடு வாசலில் நிற்கிறாள். "டேய், தங்கம் இறங்கிடுச்சாமே. அந்தக் காசக் குடு, இன்னிக்கே செயின் வாங்கிடலாம். இல்ல, இன்னும் இறங்குமா? மார்க்கெட் புலி, நீ சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா." இப்படி அவன் சொல்வது இதுதான் முதல் தடவை. கைப்பேசியை அவள் பக்கம் திருப்புகிறான். "உன் காசும் போச்சு. தப்பு என்னோடது."

டீனா திரையைப் பார்க்கிறாள். புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறாள். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டே போகிறான்.

"பாப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்கிறாள்.