கேசட்டின் மீதி

"அப்பா, பொறுங்கோ. உடனே பட்டன அமுக்காண்டாம். இத்தன வருசமா சுத்தாம கெடந்த டேப்பாக்கும். ஒட்டிப் பிடிச்சு அறுந்து போவும்" என்று மகள் சிவப்ரியா கேசட்டைப் பிடுங்கினாள்.

கணபதியப்பனுக்கு எங்கே பொறுமை இருக்கிறது? மனைவி உலகம்மையின் தையல் மிஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இழுப்பறையைத் திறந்தபோதுதான் அந்த மூன்று கேசட்டுகளும் கிடைத்திருந்தன. அன்றிலிருந்து மனிதர் சரியாகச் சோறு தின்னவில்லை.

அவள் செத்து இருபது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. முகம் சுவரில் படமாகத் தொங்குகிறது. குரல்தான் போய்விட்டது. எவ்வளவு யோசித்தும் அது காதுக்குள் வருவதில்லை. சொந்தப் பெண்டாட்டியின் குரல் மறந்துபோச்சு என்று யாரிடம் சொல்லி அழ?

சிவப்ரியா நாடாவில் பூத்திருந்த வெள்ளைப் பூசணத்தைப் பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தாள். பல்சக்கரத்தின் ஓட்டையில் பென்சிலை விட்டு, கடைசிவரை ஒரு தரம் சுற்றி, மறுபடி திருப்பிச் சுற்றினாள். உருகிப் பிசினாகிப் போயிருந்த டேப் ரெக்கார்டரின் பெல்ட்டை நாகர்கோவிலில் மாற்றியாகிவிட்டது. ஹெட்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள்.

"அம்மைக்கு இது மூணும் உயிராக்கும். மத்தியானம் தைக்கும்போ இதத்தான் போட்டுக் கேப்பா. என்னை வெளிய போய் விளையாடுன்னு வெரட்டி விட்டுருவா."

முதல் கேசட் ஓடியது. கரகரப்புக்குப் பின் கணீரென்று ஒரு ஆண்குரல்: "உலகம்மா, நான் இஞ்ச சுகமாட்டு இருக்கேன்..."

"அட, இது நானுல்லா!" என்றார் கணபதியப்பன். சவுதியில், தமாமில் வெல்டராக இருந்த காலத்துக் குரல். திருப்பிப் போட்டாலும் அவர்தான். இரண்டாவது கேசட்டிலும் கடைசி அங்குலம்வரை அவரேதான்.

"அம்மை பேசினது எங்கப்பா?"

அவர் தலை குனிந்தார். "இந்த மூணு கேசட்டுதான் மக்கா மாறி மாறி போயிட்டும் வந்துட்டும் இருக்கும். ஊருக்கு வாற ஆளுகிட்ட குடுத்து விடுவோம். அவ பேசி அனுப்புவா. நான் கேட்டுட்டு, திருப்பிச் சுத்தி, அதுக்க மேலயே பேசி அனுப்புவேன்."

ரெக்கார்டு பட்டனை அமுக்கினால் முன்னால் இருக்கும் ஹெட் பழையதை அழித்துக்கொண்டே போகும், பின்னால் இருப்பது புதியதைப் பதிந்துகொண்டே வரும். அவர் வாயைத் திறந்த நேரமெல்லாம் அவள் அழிந்துகொண்டிருந்திருக்கிறாள். பாவி மனுஷன், அன்றைக்கு அது உறைக்கவில்லை!

"போட்டும்ப்பா. அம்மைக்கு ஒங்க கொரலுதான் பிடிச்சிருக்கு. அதத்தான் கேட்டுட்டு இருந்திருக்கா" என்று சமாதானம் சொன்னாள் மகள்.

"எனக்கு அவ கொரலு வேணும்ட்டி!" என்று கத்திவிட்டார்.

மூன்றாவதைப் போட்டாள். இதில் அவர் குரலில் சலிப்பு. வந்த புதிதில் கேசட் தீரும்வரை பேசியவருக்கு, போகப் போகப் பேச ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. 'கூரையில் ஓடு மாற்று, உரக்கடையில் சொல்லு' என்று நாலு உத்தரவு போட்டுவிட்டு, "சரி, வெக்கட்டா" என்றார். டக். ஒரு நொடி வெறுமை.

அப்புறம், பாதிப் பேச்சில், ஒரு பெண்குரல்.

"...வாழைக்குத் தண்ணி பாய்ச்சியாச்சு. பிள்ளைக்குப் பல்லு மொளைக்கு. என்னைக் கடிச்சு வெக்குகா கேட்டேளா..."

கணபதியப்பன் எழுந்து நின்றுவிட்டார். அவளேதான்! 'கேட்டேளா'வில் அந்த இழுப்பு! தாரை தாரையாகக் கண்ணீர். "அழியாம கெடக்குட்டி! நான் கொஞ்சமாட்டு பேசினதுனால மிச்சம் கெடக்கு!" சிவப்ரியாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"...இவ்வளவுதான் விசேசம்." குரல் நின்றது. வெறும் இரைச்சல்.

கணபதியப்பன் நிறுத்தக் கையை நீட்டினார். "தீந்துச்சு. அன்னைக்கும் இவ்வளவுதான் கேட்டேன். ரூம்ல ஒரே ஒரு ரெக்கார்டருதான். லீவு நாளு வெள்ளிக்கெழமைன்னா பின்னால அடுத்தவன் கேசட்டோட வந்து நிப்பான். இத நான் திருப்பி அனுப்பின பொறவு அவ கேசட்டே அனுப்பல்ல. எனக்கும் கோவம். மூணு வருசம் கழிச்சு லீவுல வந்தப்போ, வாசல்ல நிண்ணுக்கிட்டு 'இப்பமாவது வந்தேளே'ன்னா. அவ்வளவுதான். ஒரு சிரிப்புகூட இல்ல."

"நிப்பாட்டாதீங்கோ. டேப்பு இன்னும் கெடக்குல்லா, ஓடட்டும்."

இரைச்சல் நீண்டது. பிறகு அதே குரல், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, தாழ்ந்து:

"கேட்டுட்டுதான் இருக்கேளா? மொதல்லயே சொல்ல வெக்கமாட்டு இருந்து. எனக்கு இஞ்ச ஒத்தைக்கு இருக்க முடியல்ல. அந்த வேல போதும், வந்துருங்கோ. கஞ்சிய குடிச்சாவது ஒண்ணா கெடப்போம். வர முடியாதுன்னா வாயால சொல்லாண்டாம், என்னால தாங்க முடியாது. கேசட்டு தீருகது வரைக்கும் என்னத்தையாவது பேசி, இத அழிச்சு விட்டுருங்கோ, நான் புரிஞ்சுக்கிடுவேன். இது அழியாம திரும்பி வந்தா, நீங்க வாறேள்னு காத்துட்டு இருப்பேன்."