நாலரை அங்குலச் சுவர்

தாலிக்கயிற்றின் மஞ்சள் வெளுக்கும் முன்பே மதிவதனிக்கும் திருமாறனுக்கும் குளியலறையில் போர் மூண்டது. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அந்த அறையில் ஒன்பது அங்குலத்துக்கு இருந்தது வெளிச்சுவர் மட்டும்தான். தண்ணீர் நிறைந்த கீசர் முப்பத்தைந்து கிலோவைத் தாண்டும், அதைத் தாங்க அந்தச் சுவர்தான் சரி என்றான் அவன். பக்கத்திலேயே ஜன்னலும் வைத்தால், துளை போடும்போது ஓரத்துச் செங்கல் விண்டுவிடுமாம். ஆகவே ஜன்னல் கூடத்துப் பக்கம். கூடத்தில் அவனுடைய அம்மா.

"நான் மூக்கு சிந்தினாலே அத்தை கஷாயம் வச்சிடறாங்க. ஜன்னல் வெளியிலதான் திறக்கணும்."

"அப்ப கீசரை உன் தலையிலயா மாட்டறது?"

அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே சண்டை போட்டு ஜெயித்தாள். ஜன்னல் வெளியே திறந்தது. கீசர் நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்குப் போனது. அதில் சாதாரண போல்ட் பிடிக்காது என்பதால், நீளமான போல்ட்டை மறுபக்கம் வரை ஊடுருவவிட்டு, இரும்புப் பட்டை வைத்து நட்டு போட்டார்கள். மறுபக்கம் அத்தையின் அறை. நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனையில் அவர் இவர்களுடைய கல்யாணப் படத்தை மாட்டிக்கொண்டார்.

முதல் நாள் மதிவதனி கீசரைப் போட்டாள். கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஆசை தீர அழத் தொடங்கினாள். கீசர் டக்கென்று அணைந்தது.

"தண்ணி காஞ்சிடுச்சும்மா," என்றது சுவர். "முதல்ல குளிச்சிடு. அப்புறம் அழுவியாம்."